சாட்சி மூட்டை

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு மாமா போன் பண்ணினார். "மாப்ள, கடைக்கு கேமரா வைக்கணும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு." நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. என்னாச்சு மாமா என்று இரண்டு தடவை கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. வருடக் கடைசி இருப்பு எடுத்திருக்கிறார். நோட்டுப்படி 940 கிலோ மிளகு இருக்க வேண்டும். தராசு 897 காட்டுகிறது. 43 கிலோவைக் காணவில்லை.

அந்த நேரத்து விலைக்குக் கிலோ 500 என்று வைத்தால் 21,500 ரூபாய். கடையில் வேலை செய்யும் பையனுக்கு மாதச் சம்பளம் 7,000. மாமா இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னார். "கரெக்டா மூணு மாசச் சம்பளம்டா" என்றார். 21,500ஐ 7,000ஆல் வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் சந்தேகப்படுகிற மனதுக்கு எண்கள் பொருந்தினால் போதும், எதற்குப் பொருந்துகின்றன என்று அது பார்ப்பதில்லை.

மாமா கடை கொல்லிமலையில், செம்மேட்டில் இருக்கிறது. தாத்தா காலத்தில் ராசிபுரம் பக்கமிருந்து மேலே போன குடும்பம். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட குடோன். மலைக்காரர்களிடம் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே விற்பதுதான் உண்மையான தொழில். சோப்பும் பிஸ்கட்டும் தினச் செலவுக்கு. கொல்லிமலையில் பெரும்பாலான விவசாயிகள் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே சொல்வார்கள்.) சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பி. பொங்கலை ஒட்டி மிளகு பறிக்கத் தொடங்கி மார்ச் வரை போகும். பையனும் அப்படி ஒரு காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். பத்தொன்பது வயது. இரண்டு வருடமாகக் கடையில் இருந்தான்.

எனக்கு வேலை பெங்களூரில், கிடங்குகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில். எங்கள் தொழிலில் இந்தக் காணாமல் போதலுக்கு ஒரு பெயர் உண்டு: ஷ்ரிங்கேஜ். சுருக்கம். நோட்டில் உள்ள இருப்பிலிருந்து எண்ணிய இருப்பைக் கழித்தால் மிஞ்சுவது, அவ்வளவுதான் அதன் விளக்கம். அதாவது அது ஒரு கழித்தல் கணக்கின் விடை. ஏன் குறைந்தது, யார் குறைத்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடந்துகொள்கிறவர்கள் நாம்.

இது சின்னக் கடைக்காரர்களின் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்கச் சில்லறை வணிகர்களின் தேசியக் கூட்டமைப்பு 2023இல் ஒரு அறிக்கை விட்டது. 2021இல் அமெரிக்கக் கடைகளில் காணாமல் போன 94.5 பில்லியன் டாலர் சரக்கில் கிட்டத்தட்ட பாதிக்குக் காரணம் கூட்டமாக வந்து திருடும் கும்பல்கள் என்றது அறிக்கை. டிவி எல்லாம் அலறியது. அந்தத் தொகை மொத்தச் சுருக்கம். வெளித் திருட்டு, ஊழியர் திருட்டு, பில் தவறு, எண்ணிக்கைத் தவறு எல்லாம் அதில் அடக்கம். பாதி கும்பலுக்குப் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கேள்வி எழுந்ததும் டிசம்பரில் அந்த வரியைத் திரும்பப் பெற்றார்கள். விளக்கம் இல்லாத ஓர் எண்ணுக்குத் திருடன் என்று பெயர் வைப்பதுதான் எவ்வளவு சுலபம்.

அடுத்த சனிக்கிழமை மலையேறினேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போனால் நாற்பதாவது வளைவுக்கு மேல் யோசிக்கவே முடியாது. கடையில் பையன் இல்லை. "நாலு நாளா வரல" என்றார் மாமா. அத்தைதான் மீதியைச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் வந்தவனை நிறுத்தி, அவன் சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொல்லியிருக்கிறார். தூக்குப்போசியும் ஒரு துண்டும் விழுந்தன. அவன் எதுவும் பேசாமல் பொறுக்கிக்கொண்டு அன்று முழுக்க வேலை செய்தான். மறுநாளிலிருந்து வரவில்லை. "அதுலயே தெரியலையா?" என்றார் மாமா. அவருக்கு அதிலேயே தெரிந்தது. எனக்கும் அதில் ஒன்று தெரிந்தது, ஆனால் வேறு ஒன்று.

முதலில் முழு இருப்புப் பட்டியலையும் கேட்டேன். மாமா மிளகை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் முழுக்க ஓட்டிப் பார்த்தால் ஒரு கோடு தெரிந்தது. எண்ணி விற்கிற சரக்கெல்லாம் ஏறக்குறைய சரி. சோப்பில் மூன்று குறைவு, பிஸ்கட்டில் எலி கடித்த ஒரு டப்பா, தீப்பெட்டி சரி, எண்ணெய் பாக்கெட் சரி. நிறுத்து விற்கிற சரக்கெல்லாம் குறைவு. அரிசி, பருப்பு, சர்க்கரை, காப்பி, மிளகு.

சில்லறைச் சரக்குகளின் குறைவு எனக்குப் புதிதில்லை. ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டையை நூறு அரைக் கிலோவாக நிறுத்துப் போட முடியாது. தராசு 500 காட்டியபிறகும் கை இன்னொரு சிட்டிகை போடும். குறைந்தால் சண்டை, கூடினால் புன்னகை என்பதால் கை எப்போதும் கூடும் பக்கமே சாயும். ஒரு தடவைக்கு ஐந்து கிராம் என்றால் நூறு தடவைக்கு அரைக் கிலோ. அதற்கு நம் ஊரில் கொசுறு என்று அழகான பெயர் இருக்கிறது, நோட்டில்தான் அதற்குப் பத்தி இல்லை. மாமாவும் இதை ஒப்புக்கொண்டார். "அரிசி பருப்பு விடு, அது கைக்கழிவு. மொளகு நான் சில்லறையா விக்கலையே."

நியாயமான கேள்வி. அந்த 940 கிலோவில் ஒரு கிராம்கூட விற்கவில்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மொத்தம் 1,240 கிலோ வாங்கியிருக்கிறார். அதில் முதலில் வந்த 300 கிலோவை வாங்கிய வேகத்தில் பிப்ரவரி தொடக்கத்தில் நாமக்கல் வியாபாரிக்கு ஏற்றிவிட்டார். மீதி விலை ஏறட்டும் என்று குடோனில் கிடந்தது. கிடந்த சரக்கு எப்படிக் குறையும்?

தராசிலிருந்து ஆரம்பித்தோம். முத்திரை போட்ட தேதி இருந்தது. தமிழ்நாட்டில் எடையளவு முத்திரை தொழிலாளர் துறையின் வேலை. ஆனால் முத்திரை அன்றைக்குச் சரியாக இருந்ததைத்தான் சொல்லும். பக்கத்து உரக்கடையில் இரண்டு இருபது கிலோ இரும்புக் கல் இரவல் வாங்கி வைத்தோம். ஒன்று வைத்தால் 20.00, இரண்டு வைத்தால் 40.00. மூலைக்கு மூலை நகர்த்தியும் மாறவில்லை. தராசு தப்பித்தது.

அடுத்து மூட்டைகள். இங்கே மாமாவின் ஒரு பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. மலைக்காரர்கள் இருபது, முப்பது கிலோவாகக் கொண்டுவருவதை அவர் இரண்டு மூன்று சேர்த்து ஒரு பெரிய மூட்டையாகக் கட்டுவார். கட்டியதும் அந்தந்தச் சீட்டின் எடைகளைக் கூட்டி ஒரு அட்டையில் எழுதி மூட்டையின் காதில் கட்டித் தொங்கவிடுவார். மொத்தம் இருபது மூட்டை. அதனால் ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாக நோட்டு எடை என்ன, இன்றைய எடை என்ன என்று பார்க்க முடிந்தது.

மத்தியானம் முழுக்க இருவரும் தூக்கினோம். (மாமாவுக்கு அறுபத்திரண்டு வயது. அவர் தூக்கினார், நான் தூக்குவதுபோல் நடித்தேன்.) நான் எதிர்பார்த்தது என்னவென்றால், திருட்டு என்றால் குறைவு ஓரிடத்தில் குவிந்திருக்கும். வாசலுக்கு அருகில் உள்ள இரண்டு மூன்று மூட்டை எட்டு பத்துக் கிலோ குறைந்திருக்கும், அடியில் கிடக்கும் மூட்டை தொடப்படாமல் இருக்கும். யாரும் இருபது மூட்டையையும் அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் எடைக்குத் தகுந்த பங்கு எடுத்து, திரும்ப அதே முடிச்சுப் போட்டு வைக்கமாட்டார்கள்.

பதினேழு மூட்டைகளில் ஒவ்வொன்றும் 1.7 முதல் 2.3 கிலோ வரை குறைந்திருந்தது. அடியில் கிடந்ததும் அப்படித்தான், சுவரோரம் கிடந்ததும் அப்படித்தான். பெரிய மூட்டை கொஞ்சம் அதிகமாக, சின்ன மூட்டை கொஞ்சம் குறைவாக. பதினேழும் சேர்த்து 34 கிலோ. மீதி மூன்று மூட்டைகள் மட்டும் ஆளுக்கு மூன்று கிலோ குறைந்து 9 கிலோ. மொத்தம் 43.

அந்த மூன்றின் கதை சட்டென்று முடிந்தது. கோடை சீசனுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குப் பாக்கெட் போடவென்று அவற்றை மார்ச்சில் சலித்து வைத்திருந்தார்கள். சலித்த காம்பும் தூசியும் பொக்கு மிளகும் கொல்லைப்புறத்தில் ஒரு பழைய யூரியாச் சாக்கில் கிடந்தன. நிறுத்தால் 3.4 கிலோ. மிளகாக வாங்கி, மிளகாக நோட்டில் ஏற்றி, குப்பையாக வெளியே வைத்த சரக்கு. சலித்தது அந்தப் பையன்தான். திருடுகிறவன் குப்பையைக் கட்டிப் பத்திரமாக வைத்திருப்பானா என்று நான் கேட்கவில்லை. மாமா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சாக்கு. மாமா வாங்கும்போது எந்தச் சாக்காக இருந்தாலும் அரைக் கிலோ கழிப்பார். அவர் அப்பா காலத்து வழக்கம். அந்த 940 கிலோவுக்கான சீட்டுகளை எண்ணினால், கோணிச் சாக்கில் வந்தவை 26. காலிக் கோணிகள் குடோன் மூலையில் அடுக்கி இருந்தன. ஐந்தைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தோம், எல்லாம் 700 கிராமுக்குப் பக்கம். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் 200 கிராம் சணலை மிளகு விலைக்கு வாங்கியிருக்கிறார். 26 தடவைக்கு 5.2 கிலோ. பனிக்காலத்தில் ஈரம் குடித்த கோணி இன்னும் கனமாகவே இருந்திருக்கும், ஆனால் அதை இப்போது நிறுக்க முடியாது.

43இல் 3.4ம் 5.2ம் போனால் 34.4 கிலோ மிச்சம். அது என்னவென்று எனக்கு மலையேறும்போதே ஒரு யூகம் இருந்தது. மாமாவுக்கும் தெரியும். தெரிந்ததும் அதன் அளவு தெரிவதும் வேறு வேறு.

மிளகு காய்ந்தாலும் அதில் தண்ணீர் இருக்கும். பச்சை மிளகு நூறு கிலோ காயப்போட்டால் ஏறக்குறைய முப்பத்து மூன்று கிலோதான் கருமிளகாக வரும். நல்ல வெயில் என்றால் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். பதினொன்று, பன்னிரண்டு சதவீத ஈரத்துக்கு இறங்கினால்தான் பூசணம் பிடிக்காமல் நிற்கும். கொல்லிமலையின் சிக்கல் என்னவென்றால் அறுவடை தொடங்கும் ஜனவரியில் காலை பத்து மணிவரை பனிமூட்டம் இருக்கும். எல்லாருக்கும் சிமென்ட் களம் கிடையாது. ரோட்டோரத்திலும் மொட்டை மாடியிலும் தார்ப்பாயிலும் காயவைத்து, பள்ளிக்கூட ஃபீஸோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் மூன்றாம் நாளே அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாமா ஒரு மிளகைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் வாங்குவார், நசுங்கினால் திருப்பி அனுப்புவார். பதினான்கு சதவீத மிளகுக்கும் பன்னிரண்டு சதவீத மிளகுக்கும் உள்ள வித்தியாசம் அறுபத்திரண்டு வயதுப் பல்லுக்குத் தெரியாது.

வாங்கிய அன்று எவ்வளவு ஈரம் என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? பிப்ரவரியில் 300 கிலோ ஏற்றினாரே, அந்த வியாபாரி கொடுத்த சீட்டைத் தேடச் சொன்னேன். ஆணியில் குத்தி வைத்த சீட்டுக் கற்றையில் கிடைத்தது. ஒரு ஓரத்தில் பேனாவால் "ஈரம் 14.5" என்று இருந்தது. அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்திருக்கிறார். மாமா அதைப் பேரம் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் ஐந்து மூட்டைகளில், ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கம்பிக் குழாய் செருகி மாதிரி எடுத்தோம். ஒன்றாகக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் கீழே அதே வியாபாரியிடம், அதே மீட்டரில் பார்க்கக் கொண்டுபோனேன். அதே மீட்டர் என்பது முக்கியம். கையடக்க மீட்டர்கள் மின்சாரப் பண்பை அளந்து ஈரத்தை ஊகிப்பவை. ஒவ்வொரு கருவியும் அரை சதவீதம் மேலோ கீழோ காட்டலாம். எப்போதும் கூட்டிக் காட்டும் கருவி இரண்டு தடவையும் கூட்டித்தான் காட்டும். நமக்கு வேண்டியது வித்தியாசம், அதில் அந்தப் பிழை அடிபட்டுவிடும். வீட்டில் அவனில் வைத்துக் காயவைத்து நிறுக்கலாமே என்று தோன்றும். மிளகுக்கு அது சரிவராது, சூட்டில் தண்ணீரோடு வாசனை எண்ணெயும் பறந்துவிடும், அதையும் ஈரம் என்று எண்ணிவிடுவோம். ஆய்வகங்களில் மசாலாப் பொருள்களுக்கு டொலுவீனோடு கொதிக்கவைத்துத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து அளப்பது இதனால்தான்.

மீட்டர் 11.5 காட்டியது.

14.5க்கும் 11.5க்கும் வித்தியாசம் மூன்று. 940 கிலோவில் மூன்று சதவீதம் 28.2 கிலோ என்று வியாபாரியின் கணக்குப்பிள்ளை சொன்னார். நிறையப் பேர் இப்படித்தான் போடுவார்கள். இது குறைவான விடை. காரணம், இரண்டு சதவீதங்களும் இரண்டு வேறு வேறு எடைகளின் சதவீதங்கள். நூறு கிலோவை எடுத்துக்கொள்வோம். 14.5 கிலோ தண்ணீர், மீதி 85.5 கிலோ தண்ணீர் அல்லாத மிளகு. அந்த 85.5 எங்கும் போகாது. உலர்ந்தபிறகு தண்ணீர் 11.5 சதவீதம் என்றால், அதே 85.5 கிலோ இப்போது மொத்தத்தில் 88.5 சதவீதம். 85.5ஐ 0.885ஆல் வகுத்தால் புது எடை 96.6 கிலோ. அதாவது நூறுக்கு 3.4 குறைவு, மூன்று இல்லை.

```
புதிய எடை = பழைய எடை × (100 − பழைய ஈரம்) / (100 − புதிய ஈரம்)
940 × 85.5 / 88.5 = 908.1
```

31.9 கிலோ. வெறும் தண்ணீர். தகரக் கூரை வழியாக, கோணிச் சாக்கின் கண்கள் வழியாக, பிப்ரவரி மார்ச் வெயிலில் ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே போயிருக்கிறது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது தேதிகள்தான். நம் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. கொல்லிமலை மிளகு பனியில் கடைக்கு வந்து, கோடை தொடக்கத்தில் எண்ணப்படுகிறது. வருடத்திலேயே அதிக ஈரமாக இருக்கும்போது நோட்டில் ஏறுகிறது, மிகவும் உலர்ந்திருக்கும்போது தராசில் ஏறுகிறது. அக்டோபரில் கணக்கு முடிப்பது வழக்கமாக இருந்திருந்தால் இந்தக் குறைவில் பாதி கண்ணிலேயே பட்டிருக்காது. ஒவ்வொரு வருடமும் ஏன் படவில்லை என்று கேட்டேன். மற்ற வருடங்களில் மாமா மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார், குடோனில் நிற்காது. இந்தத் தடவைதான் விலைக்காகப் பிடித்து வைத்தார்.

எல்லாம் கழித்தபின் 2.5 கிலோ நிற்கிறது. அது என்ன? தெரியாது. ஈரக் கணக்கில் கால் சதவீதம் முன்னே பின்னே இருந்தாலே 2.6 கிலோ மாறும். பிப்ரவரிச் சீட்டின் 14.5 முதலில் வந்த சரக்குக்குரியது. மார்ச்சில் வந்தது கொஞ்சம் உலர்ந்திருக்கலாம், அப்படியென்றால் விளக்கமில்லாத பங்கு கூடும். மழையில் நனைந்த ஒரு லாட் வந்திருக்கலாம், அப்படியென்றால் குறையும். என் கணக்கு அந்தப் பையன் ஒரு கைப்பிடி மிளகுகூட எடுக்கவில்லை என்று நிரூபிக்கவில்லை. எந்தக் கணக்காலும் அது முடியாது. அவன் எடுத்தான் என்று சொல்ல இந்த நோட்டில் எதுவும் இல்லை என்று மட்டும்தான் அது சொன்னது.

அந்த வாரம் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது இங்கிலாந்துத் தபால் நிலைய வழக்கு. ஜனவரியில்தான் அதைப் பற்றிய டிவி நாடகம் வந்து பெரிய பேச்சாகியிருந்தது. அங்கே ஊர்த் தபால் நிலையங்களை நடத்தியவர்களில் பலர் கடைக்காரர்கள், கடையின் ஒரு மூலையில் தபால் கவுண்டர். 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு வந்தது, ஃபுஜிட்சு கம்பெனி செய்தது. கணக்கு முடிக்கும்போது இருக்கும் பணத்துக்கும் திரையில் உள்ள எண்ணுக்கும் பொருந்தவில்லை. ஒப்பந்தப்படி குறைவுக்கு அவர்களே பொறுப்பு. சொந்தக் காசைப் போட்டு நிரப்பினார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றம் தீர்ப்பாகியது. சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். 2021இல்தான் தீர்ப்பு ரத்தானது. பிழை மென்பொருளில். அத்தனை வருடமும் நீதிமன்றங்கள் திரையில் இருந்த எண்ணைச் சாட்சியாக ஏற்றன, எதிரே நின்ற மனிதரை ஏற்கவில்லை. நான் எழுதுகிற மென்பொருளிலும் அதே எண் ஒரு பெட்டிக்குள் சிவப்பாக வருகிறது. சிவப்பு என்று முடிவெடுத்தது எங்கள் டிசைன் மீட்டிங்கில் யாரோ.

மாமாவின் நோட்டில் பிழை இல்லை, கூட்டல் எல்லாம் சரி. பிப்ரவரி 3 அன்று 26 கிலோ வந்தது என்பது உண்மைதான். பிப்ரவரி 3 அன்று.

ஆடிட்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "என்னன்னு எழுதறது? திருட்டா, சேதமா, உலர்வா?" ஜிஎஸ்டி விதிகளில் காணாமல் போனது, திருடு போனது, அழிந்தது, தள்ளுபடி செய்தது ஆகியவற்றுக்குக் கணக்கு வைக்க வேண்டும். வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுத்திருந்தால் இப்படிப் போன சரக்குக்கு அதைத் திருப்பிக் கட்டவும் வேண்டிவரும். மிளகு நேராக விவசாயியிடம் வாங்கியது, அவர்கள் வரி போடுவதில்லை, அதனால் அந்தச் சிக்கல் இல்லை. ஈரக் கணக்கைத் தாளில் எழுதி, வியாபாரியின் இரண்டு சீட்டையும் இணைத்து வைக்கச் சொன்னார். மாமா "உலர்வு, சலிப்பு, சாக்கு" என்று மூன்று வரி எழுதினார். நாலாவதாக "தெரியாதது 2.5" என்று எழுதச் சொன்னேன். அதற்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். வியாபாரிக்குத் தெரியாது என்று எழுதுவது கடினம்.

பையன் வீட்டுக்கு மாமா போகவில்லை. அத்தை போனார், ஐந்து கிலோமீட்டர் நடந்து. அவன் அம்மா காப்பி கொடுத்திருக்கிறார். அவன் ஏற்கெனவே திருச்செங்கோட்டுக்குப் போய் ரிக் லாரியில் சேர்ந்துவிட்டான், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி, வடநாட்டுப் பக்கம் போகிறது, ஆறு மாதம் கழித்துத்தான் வரும். சம்பள பாக்கியை அத்தை அவன் அம்மாவிடம் கொடுத்தார். அந்தம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார் என்று அத்தை இரண்டு தடவை சொன்னார்.

மாமா மே மாதம் ஒரு மீட்டர் வாங்கினார். அடுத்த ஜனவரியில் அதை வெளியே எடுத்ததும் புதுச் சண்டை. இதுவரை அவர் தலையில் விழுந்த 32 கிலோ தண்ணீரை இனி யார் தலையில் போடுவது என்பதுதானே அந்த மீட்டரின் வேலை? முதல் வாரமே ஒரு பாட்டி மூட்டையை இறக்காமலே கேட்டாராம்: "மிஷினு உன்னுது, மொளகு என்னுது. அது சொல்றத நான் எதுக்குக் கேக்கணும்?" சரியான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. கீழே இருந்து போனவர்களின் தராசை நம்பாமல் இருக்க மலைக்காரர்களுக்குப் பல தலைமுறைக் காரணம் இருக்கிறது. கடைசியில் மாமா ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். மீட்டரை விற்கிறவர் எதிரிலேயே வைப்பது, 12க்கு மேல் உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு கழிவு என்று கடைச் சுவரில் எழுதிப்போடுவது, 12க்குக் கீழே காயவைத்துக் கொண்டுவந்தால் அதே கணக்கில் கூடக் கொடுப்பது. சாக்கைக் காலி செய்து அவர்கள் கண்முன்னே நிறுப்பது. பாட்டி அந்த வாரம் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், இன்னும் மூன்று நாள் காயவைத்துக் கொண்டுவந்தார். நிறைய பேருக்கு மூன்று நாள் காத்திருக்க வசதி இல்லை. அவர்களுக்கு இந்த ஏற்பாடு பழையதைவிட நல்லதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, நான் அந்த ஏப்ரலில் கிளம்புவதற்கு முன், மாமா ஒரு காரியம் செய்தார். என் கணக்கில் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு மூட்டையைச் சாக்கோடு சரியாக 50 கிலோவாக ஆக்கி, வாயைத் தைத்து, தையலின் மேல் அரக்கு வைத்தார். பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். விற்கவும் கூடாது, தொடவும் கூடாது. அதற்குச் சாட்சி மூட்டை என்று பெயர். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துக் குடோன் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். எனக்கு வாட்ஸப்பில் போட்டோ வரும்.

ஏப்ரல் கடைசியில் 49.80. மே மாதம் கோடை மழை பெய்த வாரம் 49.92. ஆடிப் பதினெட்டு ஓரி விழா சமயத்தில் 50.10. அரக்கு உடையவில்லை. பிறகு வடகிழக்குப் பருவமழை பிடித்து, மலை முழுக்க மேகத்துக்குள் இருந்த நவம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை 50.72 என்று வந்தது. போட்டோவுக்குக் கீழே மாமாவின் குரல் செய்தி, எட்டு விநாடி.

"முக்கால் கிலோ ஏறியிருக்குடா மாப்ள. யாருடா கொண்டாந்து போட்டா?"